எட்டு வருடப் பழைய கடைப் பாக்கிக்கு இன்னும் வழக்குப் போட முடியுமா?

"ஐயா, எங்கள் அப்பா சுங்கை சிப்புட்டில் உரம், புல்லு மருந்து, தோட்டச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு செம்பனைக் கண்டிராக்டர் 2017, 2018-ல் மூன்று பில்லுக்குச் சாமான் எடுத்து 43,850 ரிங்கிட் பாக்கி வைத்தார். 2022 தீபாவளி சமயம் ரொக்கமாக 1,000 கொடுத்தார், ரசீது இல்லை. இந்த வருடம் (2025) பிப்ரவரியில் வாட்ஸாப்பில், 'அண்ணே, உங்க பழைய பாக்கிய மறக்கல, மில்லுல பேமெண்ட் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்' என்று எழுதினார். இப்போது கேட்டால், 'எட்டு வருஷம் ஆச்சு, கோர்ட்டுல நிக்காது' என்கிறார். மூன்று வருடம் தாண்டினாலே செல்லாது என்று மச்சானும் சொல்கிறார். அப்பாவுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. அது அந்த வாட்ஸாப் செய்தியில்தான் இருக்கிறது. வேறு எதைச் செய்வதற்கு முன்னும், அந்தச் செய்தி இருக்கும் போனைப் பத்திரப்படுத்துங்கள். புது போன் வாங்கினால்கூடப் பழையதை விற்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கடன் வசூல் வழக்குகளின் கோப்புகளோடு வெகுகாலம் இருந்தவன். உங்கள் அப்பா நிலையில் இருக்கும் கடைக்காரர்கள் கையில் ஆதாரம் இருந்தும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கிவிடுவதைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மச்சான் சொன்ன மூன்று வருடம். அது இந்தியச் சட்டம். தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டு வக்கீல்கள் அங்குள்ளவர்களுக்காகச் சொன்னது. பிராமிசரி நோட்டு, மூன்று வருடம் என்பதெல்லாம் அந்த நாட்டுக்குச் சரி. இங்கே தீபகற்ப மலேசியாவில் நடப்பது 1953 ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம், மலாயில் அக்தா ஹாட் மாசா. அதன் 6 ஆவது பிரிவுப்படி ஒப்பந்தத்தின் பேரில் தொடுக்கும் வழக்குக்கு 6 வருடம். சாமான் கொடுத்துப் பணம் வராததும் ஒப்பந்தம் மீறியதுதான், கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்க வேண்டியதில்லை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. அங்கே சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 6 வருடம் சாமான் எடுத்த நாளிலிருந்து ஓடாது. பணம் கொடுத்திருக்க வேண்டிய நாள் தாண்டியதும் ஓடத் தொடங்கும். பில்லில் 30 நாள் தவணை என்று இருந்தால் அந்த 30 நாள் முடிந்த பிறகு. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒவ்வொரு பில்லுக்கும் ஓட்டம் தனித்தனி. கடைசி பில்லின் தேதியை வைத்து மொத்தத்தையும் கணக்கிடக் கூடாது.

உங்கள் பில்களை ஓர் உதாரணமாக வைத்துப் பார்ப்போம். மூன்றிலும் 30 நாள் தவணை என்றும், முதல் பில் 2017 மார்ச் 14-ல் 16,400 ரிங்கிட், இரண்டாவது 2017 ஆகஸ்ட் 9-ல் 18,150, மூன்றாவது 2018 ஜனவரி 22-ல் 9,300 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில்லின் காலம் 2023 ஏப்ரல் நடுவில் முடிந்துவிட்டது. இரண்டாவது 2023 செப்டம்பரில். மூன்றாவது 2024 பிப்ரவரியில். இடையில் அப்பா எத்தனை முறை போன் செய்தார், எத்தனை முறை நேரில் போனார், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரா என்பதெல்லாம் இந்த ஓட்டத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. கடன் கொடுத்தவர் தரப்பில் அதை நிறுத்துவது ஒன்றே ஒன்று, கோர்ட்டில் வழக்கைப் பதிவு செய்வது. ஆகவே 2025 பிப்ரவரியில் அந்த வாட்ஸாப் செய்தி வந்தபோது, வேறு எதுவும் நடக்காதிருந்தால், மூன்று பில்லும் காலம் கடந்தவை. கண்டிராக்டர் இந்த அளவில்தான் பேசுகிறார். இதுவரை அவர் சொன்னது சரி.

ஆனால் காலம் கடந்தால் கடன் அழிந்துபோகாது. கடன் அப்படியே இருக்கிறது, கோர்ட் மூலம் வாங்கும் வழி மட்டும் அடைபடுகிறது. அந்தக் கதவைத் திறக்கும் சாவி கடன்பட்டவர் கையில் இருக்கிறது. அதே சட்டத்தின் 26 ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்வது இதுதான்: கடன்பட்டவர் கோரிக்கையை ஒப்புக்கொண்டாலோ, அதில் ஒரு பகுதியைக் கொடுத்தாலோ, வழக்குப் போடும் உரிமை அந்த ஒப்புதல் தேதியில்தான் பிறந்ததாகக் கருதப்படும், அதற்கு முன்னால் பிறந்ததாகாது. அதாவது 6 வருடம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். 27 ஆவது பிரிவு ஒப்புதலுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்பவர் அல்லது அவருடைய ஏஜெண்டு கையெழுத்திட்டிருக்க வேண்டும், கடன் கொடுத்தவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ சொன்னதாக இருக்க வேண்டும்.

6 வருடம் முடிந்த பிறகு எழுதிய ஒப்புதலும் செல்லுமா? இந்தியாவில் செல்லாது. அங்கே காலம் முடிவதற்குள் எழுதியிருக்க வேண்டும். இங்கிலாந்திலும் 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் நம் சட்டம் அதற்கு முந்தைய, 1939 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதில் காலம் முடிவதற்குள் என்ற வரம்பு 26 ஆவது பிரிவில் இல்லை. அது மட்டுமல்ல, 28 ஆவது பிரிவு காலக்கெடு முடிந்த பிறகு செய்யும் ஒப்புதல் யாரைக் கட்டுப்படுத்தும், யாரைக் கட்டுப்படுத்தாது என்று தனியாகவே பேசுகிறது. செல்லாத ஒன்றைப் பற்றிச் சட்டம் அப்படிப் பேசத் தேவையில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இந்திய, ஆங்கிலத் தீர்ப்புகளைக் காட்டினால் உங்கள் வக்கீல் திருப்பிக் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

சரி, வாட்ஸாப் செய்தி எழுத்தா? அதில் கையெழுத்து எங்கே இருக்கிறது? 2006 ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம், பிறகு எடுத்துப் படிக்கக்கூடிய மின்செய்தியை எழுத்தாக ஏற்கிறது. அனுப்பியவரை அடையாளம் காட்டி, அவர் அதற்கு உடன்பட்டதைக் காட்டினால் மின்கையெழுத்தையும் ஏற்கிறது. 2014-ல் ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்த ஒரு கடன் வழக்கில் கேள்வி இதேதான், அங்கே செய்தி எஸ்.எம்.எஸ். அந்த நம்பர் அவருடையதுதான், அவர்தான் அனுப்பினார் என்பது நிலைநாட்டப்பட்டால் 27 ஆவது பிரிவு கேட்கும் எழுத்தும் கையெழுத்தும் அதில் இருக்கின்றன என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாட்ஸாப்புக்கும் அதே வாதம் பொருந்தும். அதனால்தான் போனைக் காப்பாற்றச் சொன்னேன். வெறும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால், வெட்டி ஒட்டியது என்று சொல்ல அவருக்கு இடமிருக்கும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அதே நம்பரிலிருந்து அவர் ஆர்டர் கொடுத்த பழைய செய்திகளையும் சேர்த்து. "நாளைக்கு லோரி அனுப்புறேன், யூரியா இருபது மூட்டை ஏத்திடுங்க" என்று அந்த நம்பரிலிருந்து வந்து, மறுநாள் சாமான் போயிருந்தால், நம்பர் யாருடையது என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது வார்த்தைகளுக்கு வருவோம். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். ஒப்புதல் என்றால் 'நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்பது அந்த வார்த்தைகளிலிருந்து புரிய வேண்டும். தொகையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அதைப் பில்களும் கணக்குப் புத்தகமும் காட்டிக்கொள்ளும். தருவதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டியதில்லை. "உங்க பழைய பாக்கிய மறக்கல" என்பதில் உங்கள் பாக்கி என்ற ஒப்புதல் இருக்கிறது. "மில்லுல பேமெண்ட் வந்ததும்" என்று ஒரு நிபந்தனை சேர்ந்திருப்பதால் பயப்பட வேண்டாம். எப்போது தருவேன் என்பதற்கு அது நிபந்தனை, கடன் இருக்கிறதா என்பதற்கு அல்ல. "குடுத்துடறேன்" அதை இன்னும் உறுதியாக்குகிறது. என் கணிப்பில் இது நல்ல ஒப்புதல்.

இதோடு ஒப்பிட, தோற்றுப்போகும் செய்திகள் எப்படி இருக்கும் தெரியுமா? "கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்." இதில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படி ஏதாவது பாக்கி இருந்தா பேசிக்கலாம்." இதுவும் அப்படித்தான். "பாஸ் உங்க பில்லை எடுத்து வைக்கச் சொன்னாரு" என்று அவருடைய கிராணி எழுதினால், கடனை ஒப்புக்கொள்ள அந்தக் கிராணிக்கு அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி எழும். சமரசம் பேசும்போது, உரிமைக்குப் பங்கமின்றி என்று மேலே குறிப்பிட்டு வக்கீல் எழுதும் கடிதத்தைப் பொதுவாகக் கோர்ட்டில் காட்டவே முடியாது. வாயால் சொன்னது, பத்துப் பேர் முன்னால் சொன்னாலும், இந்தப் பிரிவுக்கு ஒப்புதல் ஆகாது.

அப்புறம், இப்போது மறுப்பதால் பிப்ரவரியில் எழுதியது அழிந்துவிடாது. ஒப்புதல் நடந்த அன்றே கடிகாரம் மாறிவிட்டது. கணக்குப் பார்த்தால் 2031 பிப்ரவரி வரை அப்பாவுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம்.

1,000 ரிங்கிட் பற்றி. பகுதிப் பணம் கொடுப்பதும் கடிகாரத்தைத் திருப்பும், அதற்கு எழுத்து தேவையில்லை. 2022 அக்டோபரில் மூன்று பில்லுமே உயிரோடு இருந்தன, ஆகவே அந்தப் பணம் நிரூபணமானால் 2028 அக்டோபர் வரை காலம் கிடைத்துவிடும், வாட்ஸாப்பே தேவைப்படாது. சிக்கல் நிரூபணத்தில். ரசீது இல்லை, அப்பாவே தன் புத்தகத்தில் எழுதிக்கொண்ட வரி மட்டும் இருந்தால், வழக்குக்காக எழுதியது என்று கண்டிராக்டர் சொல்வார். அன்று கடையில் இருந்த வேலையாள் சாட்சி சொல்வாரா, மறுநாள் பேங்கில் போட்ட பதிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் "பாக்கியில வச்சுக்கோங்கண்ணே" என்று கொடுத்திருந்தால் மொத்தப் பாக்கிக்கும் கொடுத்தது என்று வாதிடலாம். ஒரு பில்லைக் குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால் அந்தப் பில்லுக்கு மட்டும். இனிமேல் யார் பகுதிப் பணம் கொடுத்தாலும் பேங்க் மூலமாக வாங்கச் சொல்லுங்கள், 'பழைய பாக்கி' என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கட்டாயம் பாருங்கள்: பில்கள் யார் பெயரில் இருக்கின்றன? நம் ஊர்க் கண்டிராக்டர்கள் முதலில் சொந்தப் பெயரில் எண்டர்பிரைஸ் பதிந்து, வேலை பெருகியதும் செண்டிரியான் பெர்ஹாட் தொடங்குவது வழக்கம். எண்டர்பிரைஸும் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். செண்டிரியான் பெர்ஹாட் தனி ஆள். ஒப்புதல் அதைச் செய்தவரையும் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும், மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. உதாரணத்துக்கு, மூன்றாவது பில் மட்டும் கம்பெனி பெயரில் இருந்தால், "குடுத்துடறேன்" என்றது தனக்காக மட்டுமா, டைரக்டர் என்ற முறையில் கம்பெனிக்காகவும் சேர்த்தா என்று 9,300 ரிங்கிட்டுக்கு ஒரு தனிச் சண்டை வரும். முன்னால் அதே நம்பரிலிருந்து கம்பெனி வேலைகளையும் அவர்தான் பேசினார் என்று காட்ட முடிந்தால் நல்லது. யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இதே விதிதான். கண்டிராக்டர் எழுதிய செய்தி ஜாமீன்தாரரை இழுத்து வராது.

இப்போது செய்ய வேண்டியது. அவர் இன்னும் பேசுகிறார் என்றால், கோபத்தில் கதவை அடைக்காமல் ஒரு கடிதத்துக்கு முயலுங்கள். ஒப்புதலோடு வாக்குறுதியும் அதில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதிலும் 26 ஆவது பிரிவுதான், குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பது பொது விதி. காலம் கடந்த கடனை முழுவதுமாகவோ பகுதியாகவோ தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்று அந்தப் பிரிவு விதிவிலக்குத் தருகிறது. ஆகவே ஒப்புதல் பற்றி யாராவது சந்தேகம் கிளப்பினாலும், இந்த வாக்குறுதி தனி ஒப்பந்தமாக நிற்கும்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. அந்தச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: 1,000 ரிங்கிட் காலம் கடந்த கடன், கடன்பட்டவர் அதன் பேரில் 500 தருவதாக எழுதிக் கையெழுத்திடுகிறார், அது ஒப்பந்தம். எவ்வளவுக்கு ஒப்பந்தம்? 500-க்கு. உங்கள் கண்டிராக்டர் "இருபதாயிரம் தர்றேன், அதோட முடிச்சுக்கலாம்" என்று ஒரு தாளை நீட்டினால், அப்பா வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டால், மீதி 22,850-ஐ அப்புறம் கேட்பது மிகக் கடினம். விட்டுக்கொடுப்பது அப்பாவின் முடிவு, தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும்.

கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும்: "கீழே குறித்த மூன்று இன்வாய்ஸ்களின் பேரில் இன்றைய தேதியில் உங்களுக்கு 42,850 ரிங்கிட் கடன்பட்டிருக்கிறேன் என்பதை என் சார்பிலும் என் கம்பெனியின் சார்பிலும் ஒப்புக்கொள்கிறேன். இத்தொகையை மாதம் 1,500 ரிங்கிட் வீதம் கட்டுவேன். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுத்தொகையும் உடனே கட்ட வேண்டியதாகும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனியாகக் காத்திருக்க வேண்டி வரும், ஒவ்வொன்றுக்கும் தனி 6 வருடம் ஓடும். இன்வாய்ஸ் நம்பர், தேதி, அவருடைய பெயர், ஐ.சி. நம்பர், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். தனக்காக ஒரு கையெழுத்து, டைரக்டராக இன்னொரு கையெழுத்து. தமிழில் எழுதினாலும் செல்லும். கோர்ட்டில் காட்டும்போது மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், வாட்ஸாப் செய்திக்கும் அதேதான். அதனால் கடிதத்தை முதலிலேயே மலாயில் எழுதிவிட்டால் ஒரு வேலை மிச்சம். மிரட்டி வாங்கியது என்று பிறகு சொல்ல இடம் வைக்காமல், அவருக்கு வேண்டிய நேரம் கொடுத்து, சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கையெழுத்துத் தர மறுத்தால், இருக்கும் செய்தியை வைத்தே வழக்குப் போடலாம். 42,850 என்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டின் 1,00,000 ரிங்கிட் வரம்புக்குள் வருகிறது. 5,000 வரைதான் எடுத்துக்கொள்ளும் சிறு கோரிக்கை வழிக்கு இது அதிகம், ஆகவே வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. காலம் கடந்தது என்பதைக் கோர்ட் தானாக எழுப்பாது. 4 ஆவது பிரிவுப்படி எதிராளிதான் தன் எதிர்வாதத்தில் அதைக் குறிப்பிட்டு எழுப்ப வேண்டும். இவர் கட்டாயம் எழுப்புவார், உங்களிடமே சொல்லிவிட்டாரே. ஆகவே வக்கீலிடம் போகும்போது மூன்று பில், டெலிவரி ஆர்டர்களில் அவர் ஆள் போட்ட கையெழுத்துகள், கணக்குப் புத்தகம், போன் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். 2025 பிப்ரவரி ஒப்புதலைக் கோரிக்கை மனுவிலேயே தேதியோடும் அதே வார்த்தைகளோடும் எழுதச் சொல்லுங்கள். 2022 அக்டோபர் பணத்தையும் தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், ஒன்று நிற்காவிட்டால் மற்றது நிற்கும். மனுவில் எழுதாமல் விட்டுவிட்டு விசாரணை நாளில் போனை நீட்டினால், மனுவில் இல்லாததைப் பேசாதீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார்.